ஜிக்சா வகுப்பறைமுறைக்கு வல்லுநர் அட்டை ஆக்கல்: முதல், கரு, உரிப் பாடத்தை முன்வைத்து

எலியட் ஆரன்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1971ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஜிக்சா முறையை வகுத்தார். இனப் பிரிவினை நீக்கப்பட்ட பள்ளிகளில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், இஸ்பானியர் ஆகியோரின் குழந்தைகள் ஒரே வகுப்பில் பகைமையோடு அமர்ந்திருந்த காலம் அது. ஒருவர் உதவியின்றி மற்றவர் பாடத்தை முழுமையாக அறிய முடியாத நிலையை உருவாக்குவதே அவர் கண்ட வழி. பாடம் பல துண்டுகளாகப் பகுக்கப்படும். தாய்க்குழுவின் ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டைப் பெறுவர். ஒரே துண்டைப் பெற்றவர்கள் வல்லுநர் குழுவாகக் கூடி அதனைக் கற்றபின் தத்தம் தாய்க்குழுவுக்குத் திரும்பி ஏனையோருக்குக் கற்பிப்பர்.

இம்முறையின் வெற்றி பெரிதும் பாடம் எங்கு வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பின்னர் ராபர்ட் ஸ்லாவின் அமைத்த இரண்டாம் வடிவில் மாணவர் அனைவரும் பாடம் முழுவதையும் படித்துவிட்டு, தமக்குரிய பகுதியில் மட்டும் சிறப்புக் கவனம் செலுத்துவர். அங்கு வெட்டு பிழைத்தாலும் பாடநூல் கைகொடுக்கும். ஆரன்சனின் மூல வடிவிலோ அட்டை ஒன்றே மாணவர் கையில் உள்ள நூல். ஆதலின் ஒவ்வோர் அட்டையும் தனித்து நின்று பொருள் தரவேண்டும். அதேவேளை இறுதி வினாவுக்குத் தனித்து விடை தரக்கூடாது.

இளங்கலை வகுப்பில் தொல்காப்பிய அகத்திணையியலின் முதல், கரு, உரி பற்றிய பகுதி கற்பிக்கப்படுவதாகக் கொள்ளலாம். ஆசிரியர் கை முதலில் நாடுவது ஐந்திணைப் பகுப்பே: குறிஞ்சிக்கு ஓர் அட்டை, முல்லைக்கு ஓர் அட்டை என ஐந்து அட்டைகள். பாடநூல்களில் உள்ள அட்டவணையும் அவ்வாறு வெட்டுவதற்கு ஏற்பவே அமைந்துள்ளது. ஆயின் அப்பகுப்பில் மாணவர் ஒருவரையொருவர் நாட வேண்டிய தேவை எழுவதில்லை. குறிஞ்சியை அறிய நெய்தல் அட்டை வேண்டுவதில்லை. தாய்க்குழுவில் நிகழ்வது ஐவர் ஐந்து பட்டியல்களை வாசிப்பதும் ஏனையோர் எழுதிக்கொள்வதுமே. அட்டவணை ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு ஒரு மணி நேரம் செலவாகும்.

அட்டவணையை மற்றத் திசையில் வெட்டினால் நிலை மாறுகிறது. நிலம், பொழுது, கரு, உரி என்பன நான்கு அட்டைகளாகும். ஐந்தாம் அட்டை மயக்க விதிக்கு உரியது. உரிப்பொருள் அல்லாதவை கலந்து வரலாம் என்னும் அவ்விதியை உரி அட்டையிலேயே சேர்த்துவிடும் எண்ணம் எழக்கூடும். அவ்வாறு சேர்த்தால் உரி அட்டை பெற்றவர் நீதிபதியாகிவிடுவார். ஏனைய மூவரின் சான்றும் அவர் முன் மதிப்பிழக்கும். விதியைத் தனி அட்டையாக்கினால், விதியை உடையவரிடம் சான்று இராது. சான்றை உடையவரிடம் விதி இராது.

இறுதிப் பணியாகக் கொடுக்கப்படும் பாடலே இப்பகுப்பு சரியா என்பதைச் சோதிக்கும். கோவர்த்தனார் பாடிய குறுந்தொகை 66ஆம் பாடல் இதற்கு மிகப் பொருத்தமானது. பிரிந்து சென்ற தலைவன் திரும்புவதாகக் கூறிய பருவம் வந்துவிட்டதெனக் கொன்றை மலர்ந்ததைக் கண்டு தலைவி கலங்குகிறாள். பருவமல்லாத புதுமழையைக் கார் என எண்ணி ஏமாந்து கொன்றை பூத்துவிட்டது, அம்மரம் அறிவற்றது என்கிறாள் தோழி. ஐந்தே அடிகள், ஆயினும் ஒவ்வொரு வல்லுநரையும் வெவ்வேறு திசைக்கு இழுப்பவை.

நில அட்டை பெற்றவர் கண்ணில் அத்தம் என்னும் சொல் படும். கல் நிறைந்த அருவழி; ஆதலின் பாலை என்பார். கரு அட்டை பெற்றவர் கொன்றையைக் கண்டு முல்லை என்பார். பொழுதுக்கு உரியவர், இது கார் அன்று எனப் பாடலே கூறுவதால் முல்லையை மறுப்பார். உரிக்கு உரியவரோ இருதலைப்படுவார்: தலைவன் சென்றது பிரிதல், தலைவி காத்திருப்பது இருத்தல், முன்னது பாலைக்குரியது, பின்னது முல்லைக்குரியது. மயக்க விதியை உடையவர், அத்தம் ஒன்றைக் கொண்டு திணையை முடிவு செய்ய இயலாது என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

முடிவு உரையாடலில்தான் பிறக்கும். அத்தம் தலைவன் சென்ற வழியே அன்றிப் பேசுவோர் நிற்கும் இடம் அன்று. கார் அன்று என்பது தோழி ஆற்றுவிக்கக் கூறும் கூற்று. பூத்த கொன்றையோ அவள் கூற்றுக்கு எதிராக நிற்கும் சான்று. பொழுது வல்லுநரும் கரு வல்லுநரும் தம்முள் முரண்பட்டால் அன்றி இந்நுட்பம் வெளிப்படாது. பேச்சு நிகழும் வேளையில் தலைவி செய்வது ஆற்றியிருக்க முயல்வதே என்பது தெளிந்தபின் முல்லை நிலைபெறும்.

ஆகவே அட்டைகளை எழுதும் வரிசை பாடநூலின் வரிசைக்கு மாறானது. முதலில் பாடல், பின் அப்பாடலில் எழும் முரண்கள், அதன்பின் அம்முரணுக்கு வேண்டிய அளவு செய்தி என்று அமைவது தகும். ஓர் அட்டைக்கு 120 முதல் 150 சொற்கள் போதும். அவற்றோடு வேறொரு பாடலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும், வல்லுநர் குழு தன் புரிதலைச் சரிபார்க்க ஒரு வினாவும் வேண்டும். நில அட்டையின் வினா, பேசுவோர் இருக்கும் இடத்தையும் பேச்சில் சுட்டப்படும் இடத்தையும் வேறுபடுத்தக் கேட்பதாக இருக்கலாம். கரு அட்டையில் ஒரு எச்சரிக்கை இன்றியமையாதது: சரக்கொன்றை சித்திரையில் பூப்பதைத் தெருவில் கண்ட மாணவர், அதனைக் காருக்கு உரியதாகக் கூறுவதை ஏற்கமாட்டார். சங்கப் பாடல் மரபில் கொன்றை கார்காலப் பூ என்னும் தொடர் அட்டையிலேயே இருத்தல் வேண்டும். திணை, துறைக் குறிப்புகளைப் பாடல் தாளிலிருந்து நீக்க மறக்கலாகாது. அவை இருப்பின் விவாதம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

25 மாணவர் உள்ள வகுப்பில் ஐந்து தாய்க்குழுக்களும் ஐந்து வல்லுநர் குழுக்களும் பிசகின்றி அமையும். 27 பேர் எனில் எஞ்சிய இருவரை இரு தாய்க்குழுக்களில் சேர்த்து, ஏற்கெனவே உள்ள ஒருவரோடு ஓர் அட்டையைப் பகிரச் செய்யலாம். புதிய அட்டை ஆக்குதல் தகாது. வல்லுநர் குழுவுக்குப் பதினைந்து நிமிடம், தாய்க்குழுவுக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். தாய்க்குழுவுக்குச் செல்லும்போது அட்டைகளை ஆசிரியர் திரும்பப் பெற்றுவிடுவது நலம். இல்லையேல் கற்பித்தல் வாசித்தலாகச் சுருங்கும்.

பகுப்பு பிழைத்ததை விடைத்தாள் காட்டாது, ஏனெனில் ஐந்து குழுக்களும் முல்லை என்றே எழுதியிருக்கக்கூடும். தாய்க்குழுவில் யார் எவரிடம் வினவுகிறார் என்பதே அடையாளம். ஒருவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை எனில் அவர் கையிலிருந்த அட்டை வேண்டாத அட்டை. அனைவரும் ஒருவரையே நோக்கியிருப்பின் அவர் அட்டையில் மிகுதியான செய்தி சேர்ந்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு முன் அச்செய்தியில் ஒரு பகுதியை வேறோர் அட்டைக்கு மாற்றலாம்.

எல்லா இயலும் இவ்வாறு வெட்டுக்கு உட்படா. எழுத்ததிகாரப் புணர்ச்சி விதிகளில் பின்வருவது முன்னதைக் கற்றார்க்கே விளங்கும். உயிரீற்றுப் புணர்ச்சியின் சிறப்பு விதியைப் பெற்ற வல்லுநர் குழு, பொதுவிதி வேறோர் அட்டையில் இருப்பதை அறியாது திகைக்கும். அத்தகைய பாடங்களில் பொதுவிதியை ஆசிரியரே முதல் வகுப்பில் கற்பித்து, சிறப்பு விதிகளை மட்டும் அட்டைகளாக்குவது இயலும்.