கைக்கடிகாரம் காட்டும் உடற்திறன் எண்: எவ்வளவு நம்பலாம்?

கைக்கடிகாரங்கள் பலவற்றில் இப்போது VO2 max என்ற எண் தோன்றுகிறது. கடுமையாக உழைக்கும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்த இயலும் என்பதை அது குறிக்கும். மருத்துவமனையில் முகமூடி அணிவித்து, மூச்சுக்காற்றைச் சோதித்து இதனை அளக்கிறோம். கடிகாரமோ நடையின் வேகத்தையும் நாடித்துடிப்பையும் கொண்டு ஊகிக்கிறது.

ஐம்பது வயதுடைய ஒருவர் சமதரையில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதாகக் கொள்வோம். இந்நடைக்கு ஏறத்தாழ 13.5 அலகு ஆக்சிஜன் தேவை. அதில் 3.5 ஓய்விலும் செலவாவது. நடைக்கென ஆவது 10. ஓய்வில் அவர் நாடி 70, நடக்கையில் 120. அவரது உச்சத் துடிப்பைக் கடிகாரம் அறியாது. 220இலிருந்து வயதைக் கழித்து 170 என வைத்துக்கொள்கிறது. 70 முதல் 170 வரையுள்ள இடைவெளியில் பாதி பயன்பட்டுள்ளது. பாதித் திறனுக்கு 10 எனில் முழுத் திறனுக்கு 20; ஓய்வுச் செலவையும் சேர்த்தால் 23.5. கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடினும் அடிப்படை இதுவே.

இவருக்கு மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை தொடங்கப்படுகிறது எனக் கொள்வோம். அது நாடியைத் தணிக்கும். ஓய்வில் 60, அதே நடையில் 95 என ஆகிறது. கடிகாரம் உச்சத்தை இன்னும் 170 என்றே கருதுவதால், மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான திறனே செலவானதாக எண்ணி, ஏறத்தாழ 35 என்று காட்டும். உண்மையில் மாத்திரை உச்சத்தையும் குறைத்துவிடுகிறது. அது 130 ஆகியிருந்தால், பயன்பட்டது முன்போலப் பாதியே. திறனும் பழைய 23.5தான். இந்த உயர்வை நம்பி நடையை ஓட்டமாக மாற்றுவதில்தான் ஆபத்து உள்ளது.

இதற்கு மாறான பிழையும் உண்டு. பாகாயத்தில் கோடை வெயிலில் நடந்தால், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் நாடி 130 ஆகலாம். அப்போது எண் 20 அளவுக்கு இறங்கும். இதயம் பலவீனமடைந்துவிட்டது என இதற்குப் பொருளல்ல.

எனவே எண் திடீரென மாறினால், மாத்திரையோ அதன் அளவோ அண்மையில் மாறியதா, நடந்த நேரமும் பாதையும் வேறா என்று முதலில் பாருங்கள். சில கடிகாரங்களில் நாடியைத் தணிக்கும் மருந்து உட்கொள்வதைக் குறிக்கவோ, டிரெட்மில் சோதனையில் கண்ட உச்சத் துடிப்பைப் பதியவோ வசதியுண்டு. மருத்துவரைக் கேட்டுப் பதியுங்கள். எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். நடக்கையில் தடையின்றிப் பேச முடிகிறதா என்பதே வேகத்துக்கு நல்ல அளவுகோல். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால், எண் எவ்வளவு உயர்ந்திருப்பினும் நடையை நிறுத்தி, உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.