விற்பனைக்குப் போகும் வினாவுக்கு ஒரு பிறப்புச் சான்று

“சார், இந்த விடை தப்பு. எங்க அப்பா கடலுக்குள்ள முங்கி சங்குதான் எடுக்காவ. முத்துக்குளிப்பு தாத்தா காலத்தோடயே நின்னு போச்சு.”

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்.எம்.எம்.எஸ். பயிற்சி வினாத்தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது இது. தூத்துக்குடியில் சங்குகுளிப்பவரின் மகன் அவன். தொகுப்பை உருவாக்கியவர்கள் நானும் சக ஆசிரியர் இருவரும். மூவருமே பணி ஓய்வு பெற்றவர்கள். அச்சுச் செலவு வரும் அளவுக்கு விலை வைத்து 200 படிகள் விற்றிருந்தோம். அவன் சுட்டிய வினா இதுதான்:

‘இந்தியாவில் தற்போது முத்துக்குளித்தல் பெருமளவில் நடைபெறும் கடற்கரை எது?’ விடைக்குறிப்பில் ‘தூத்துக்குடி’ என்று இருந்தது.

அவன் சொன்னதே சரி. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதற்கு முன்பும் அது ஆண்டுதோறும் நடந்ததில்லை. பார் என்று நம் மக்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகளில் முதிர்ந்த சிப்பி போதிய அளவு இருக்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். இருந்தால்தான் அந்த ஆண்டு குளிப்பு நடக்கும். இடையில் பல ஆண்டுகள் சும்மா கழிந்ததும் உண்டு. இந்த ஊரில் வாழும் நான் இதை எப்படித் தவறவிட்டேன்? வினாவை நான் எழுதவில்லை. பழைய வழிகாட்டி நூல் ஒன்றிலிருந்து சொல் மாறாமல் எடுத்துச் சேர்த்திருந்தேன்.

ஒரே செயலில் இரண்டு பிழைகள். தகவலைச் சரிபார்க்கவில்லை, பிறர் எழுதிய வாசகத்தைக் கேட்காமல் விற்றுவிட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த வினா எங்கிருந்து வந்தது என்ற பதிவு எங்களிடம் இல்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதிய வினா தவறென்றால் மறுநாள் திருத்திவிடலாம். விற்ற தாளை அப்படித் திரும்பப் பெற முடியாது.

வினா அட்டை

அடுத்த பதிப்பிலிருந்து ஒவ்வொரு வினாவுக்கும் ஓர் அட்டை போட்டோம். அதில் ஐந்தே வரிகள். எந்த வகுப்பு, எந்தக் கற்றல் விளைவு. தகவல் எந்த நூலில், எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டுப் பதிப்பில் உள்ளது. வினாவின் வாசகத்தை எழுதியவர் யார். விடை பார்க்காமல் தீர்த்தவர் யார். கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ன. மூன்றாவது வரியை நிரப்ப முடியாத வினா அச்சுக்குப் போகாது.

முத்துக்குளிப்பு வினாவுக்கு அட்டை எழுத உட்கார்ந்தபோதுதான், ‘தற்போது’ என்ற சொல்லே ஆபத்து என்பது புரிந்தது. அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஆண்டு வர வேண்டும். ஆண்டைப் போட முடியவில்லை என்றால் வினாவையே மாற்ற வேண்டும். எங்கள் வினா இப்படி மாறியது:

‘மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. வளர்ப்பு முத்து என்பது,
அ) கண்ணாடி மணிக்கு முத்து நிறம் பூசிச் செய்வது
ஆ) உயிருள்ள சிப்பிக்குள் மனிதர் கருமணியை வைக்க, அதன்மேல் சிப்பி முத்துப்படலம் சுரப்பதால் உருவாவது
இ) சிப்பி இல்லாமல் ஆய்வகத்தில் வேதிப்பொருள்களால் செய்வது
ஈ) கடலில் தானாக விளைந்த முத்தை மெருகேற்றி எடுப்பது’

தவறான மூன்று தெரிவுகளும் மாணவர்களிடம் கேட்டுப் பெற்றவை. ‘செயற்கை முத்து’ என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டோம். அவர்கள் சொன்ன பதில்களே தெரிவுகளாயின. இந்த வினாவில் ஒரு சொல்லும் வழிகாட்டி நூலுடையது அன்று. பிழையைத் திருத்தப் போன இடத்தில் பதிப்புரிமைச் சிக்கலும் தீர்ந்தது.

ஒரு குறை தங்கியது. தீர்த்துப் பார்த்த ஆசிரியர், “சரியான விடைதான் நீளமாக இருக்கிறது. படிக்காதவனும் கண்டுபிடித்துவிடுவான்” என்றார். ஆகவே ஆ தெரிவை ‘உயிருள்ள சிப்பிக்குள் கருமணி வைத்து விளைவிப்பது’ என்று சுருக்கினோம்.

விடைக்குறிப்பு தவறும் இடங்கள்

எங்கள் அனுபவத்தில் தகவல் பிழையைவிடக் கைப்பிழையே அதிகம். தெரிவுகளின் வரிசையைக் கடைசி நேரத்தில் மாற்றுவோம்; விடைக்குறிப்பு பழைய வரிசையிலேயே நிற்கும். கணினியில் ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது 10² என்பது 102 ஆகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் தமிழ் எழுத்துகளைத்தான் பார்ப்பார். எண் தலைமேலிருந்து இறங்கியதைக் கவனிக்க மாட்டார்.

இதற்கு ஒரே வழி, அச்சுக்குப் போகும் இறுதிப் படியை வினா எழுதாத இருவர் தனித்தனியே, விடைக்குறிப்பு இல்லாமல் தீர்ப்பது. இருவரின் விடைகளும் விடைக்குறிப்பும் ஒத்துப்போகாத வினாவைத் தனியே எடுக்க வேண்டும். விடைக்குறிப்பை மட்டும் மாற்றிவிட்டு வினாவை அப்படியே விடக் கூடாது. நல்ல ஆசிரியர் இருவர் வேறுபட்டால், பெரும்பாலும் அங்கே இரண்டு சரியான விடைகள் இருக்கும்.

‘மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவிலுள்ள தீவுகள் எத்தனை?’ என்ற வினா அப்படிப்பட்டது. 21 என்பது நூல் விடை. அவற்றுள் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன என்பதை அறிந்தவர் 19 என்பார். தெரிவுகளில் 19-உம் இருந்தால், அதிகம் தெரிந்த மாணவன் மதிப்பெண் இழப்பான்.

அதன்பின் ஒரு வகுப்பில் முன்னோட்டம் பார்ப்போம். நன்றாகப் படிப்பவர்களில் பலர் ஒரே ‘தவறான’ தெரிவைத் தேர்ந்தெடுத்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது விடைக்குறிப்பை.

வகுப்பறைக்கு உள்ள விலக்கு விற்பனைக்கு இல்லை

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு நமக்குச் சில விலக்குகள் தருகிறது. கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை எடுத்தாளலாம். தேர்வில் கேட்கும் வினாவின் பகுதியாகவும் எடுத்தாளலாம். இதைப் படித்துவிட்டு, ‘வினாத்தாள்தானே, எதையும் அச்சிடலாம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. கடைக்குப் போகும் தொகுப்பு வகுப்பில் நடக்கும் கற்பித்தலும் அன்று, நடத்தப்படும் தேர்வும் அன்று. அந்த விலக்கை நம்பி விற்பனையில் இறங்கக் கூடாது.

பழைய தேர்வுத்தாள்களுக்கு உரிமையாளர் உண்டா என்ற கேள்விக்கு 1916-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுத்தாள்களை ஒரு தனிப் பதிப்பகம் மாணவர்களிடமிருந்து வாங்கி, விடைகளோடு அச்சிட்டு விற்றது. கணக்குத் தாள்கள் எல்லாருக்கும் தெரிந்த அறிவிலிருந்து எழுதப்பட்டவைதானே என்று வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அறிவு பொதுவானது, வினாவைத் தேர்ந்து அமைத்த உழைப்பு தேர்வாளருடையது என்றது. இந்திய நீதிமன்றங்களும் வினாத்தாளுக்குப் பதிப்புரிமை உண்டென்று ஏற்றிருக்கின்றன. தேர்வு வாரியம் தன் இணையதளத்தில் தாளை வெளியிட்டிருப்பது நாம் படிப்பதற்காக. அச்சிட்டு விற்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜம்மு காஷ்மீர் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு நிறுவனம், அந்தக் கணக்குகளைப் படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய வழிகாட்டி நூல்களுக்குத் தடை கேட்டது. டில்லி உயர்நீதிமன்றம் 2008-இல் தடை தர மறுத்தது. கணக்கில் சொந்தப் படைப்பாக்கம் குறைவு என்றும், பாடநூலில் இல்லாத வழிமுறைகளை வழிகாட்டி நூல் தருகிறது என்றும் காரணம் கூறியது. இதை எல்லா வினாக்களுக்குமான உரிமமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: ஒரு கணக்கின் கருத்து யாருக்கும் சொந்தமில்லை. எண்ணும் சூழலும் வாசகமும் நம்முடையதாக இருந்தால் அச்சம் வேண்டாம். ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது இதில் சேராது.

மொழிப்பாட வினாக்களுக்கு உரைப்பகுதி தேவைப்படும். ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த படைப்புக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 1936-இல் மறைந்த வ.உ.சி. தம் காலத்தில் வெளியிட்ட எழுத்துகளை இன்று தயங்காமல் எடுக்கலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் அப்படியே. புதிய பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்பும் மட்டும் அவருடையவை. அவற்றைத் தொடக் கூடாது.

விற்கும் முன்

பணியில் இருப்போர் இரண்டைக் கவனிக்க வேண்டும். அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் வணிகத்தில் ஈடுபட இயலாது. எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, ஆணை கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள். பணியின் பகுதியாக எழுதிய வினாத்தாள், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அரசுக்கோ நிருவாகத்துக்கோ உரியது. மாவட்டப் பொதுத் தேர்வுக்கு நீங்களே எழுதிய தாளானாலும் அதை விற்க முடியாது.

பலர் சேர்ந்து எழுதினால் உரிமையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். நட்பை நம்பி நாங்கள் மூவரும் இதை விட்டிருந்தோம். பிறகு ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம்.

அட்டையில் பதிப்பு எண்ணையும் மாதத்தையும் போடுங்கள். தேர்வு வாரியத்தின் சின்னம் வேண்டாம். ‘இந்த வினாக்களே வரும்’ என்ற வரியும் வேண்டாம். பிழையைத் தெரிவிக்க ஒரு தொடர்பு எண் கட்டாயம் வேண்டும்.

அந்த 200 படிகளுக்கும் திருத்தச் சீட்டு அச்சிட்டோம். வாங்கிய பள்ளிகளின் பட்டியல் இருந்ததால் 170-க்கு மேல் கொண்டுசேர்க்க முடிந்தது. மீதி யாரிடம் இருக்கிறதென்று தெரியாது. அவற்றை வைத்துப் படித்த பிள்ளைகள் இன்னும் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கிறதென்று எழுதிக்கொண்டிருக்கலாம். இப்போது எங்கள் வினா அட்டைகளில் ஐந்தாவது வரியை ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிக்கிறோம். புதுப்பிக்காத அட்டையின் வினா அடுத்த பதிப்பில் இடம்பெறாது.