பொறுப்பு மாறும்போது வாடிக்கையாளருக்கு எழுதும் முதல் கடிதம்

சங்கத்தின் விற்பனைப் பொறுப்பாளர் ஓய்வு பெறுவதும் வேறு கிளைக்கு மாற்றப்படுவதும் வழக்கமாக நிகழ்வனவே. அவர் இருக்கையில் மற்றொருவர் அமர்ந்துவிடுகிறார். ஆனால் பல ஆண்டுகளாக அவரிடமே பேசிப் பழகிய கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் ஓர் ஐயம் எழுகிறது. ‘இதுவரை பேசி முடித்தவை இனியும் செல்லுமா?’ என்பதே அது. புதியவர் எழுதும் முதல் மின்னஞ்சல் இந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டும். அது தீர்ந்த பிறகே, ‘தங்களுக்குப் புதிதாக என்ன தேவை?’ என்று கேட்பதற்கு இடமுண்டு.

முதல் கடிதம் பழைய பொறுப்பாளரிடமிருந்தே செல்வது நலம். தாம் விலகும் நாளையும், அடுத்து வருபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர் இரண்டு வரிகளில் தெரிவித்தால் போதும். வாடிக்கையாளர் நம்பும் முகவரியிலிருந்து அச்செய்தி வருவதால், பின்னர் வரும் கடிதத்தை அவர் சந்தேகிக்கமாட்டார்.

புதியவர் எழுத உட்காருமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுப்பவேண்டிய சரக்கு எவ்வளவு மீதம். வரவேண்டிய பாக்கி எவ்வளவு, தவணை எத்தனை நாள். தீராத புகார் ஏதேனும் உண்டா? இவற்றுள் முதல் இரண்டும் பேரேட்டில் கிடைக்கும். மூன்றாவது பெரும்பாலும் பழைய பொறுப்பாளரின் நினைவில்தான் இருக்கும். வாய்ச்சொல்லாக அவர் ஒப்புக்கொண்ட தள்ளுபடியும் கூடுதல் தவணையும் அப்படியே. அவர் விலகுமுன் ஒவ்வொரு வாடிக்கையாளராக உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளாவிடில், பின்னால் அதுவே வழக்காக முடியும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். படுக்கை விரிப்பு நெய்யும் சங்கம் ஒன்று. அதனிடம் பல ஆண்டுகளாக வாங்கிவரும் கடை ஒன்று. 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமுமான விரிப்புகள் 200 கேட்டிருந்தார்கள். 120 போய்ச் சேர்ந்தன. அவற்றுள் 12 விரிப்புகளில் சிவப்புக் கரை சாயம் இறங்கிற்றென்று திருப்பி அனுப்பினார்கள். சாயமேற்றிய நூலைச் சோப்புக் கொதிநீரில் சரிவர அலசாமல் பாவோட்டியதே காரணம் என்று சாயப் பிரிவு கண்டறிந்தது. தவணை 30 நாள் என்பது பேரேடு; 45 நாளாகப் பழைய பொறுப்பாளர் வாய்மொழியாக இசைந்திருந்தார். இதற்குச் சங்கச் செயலாளரின் ஒப்புதலைப் புதியவர் முதலிலேயே பெற்றுக்கொள்கிறார்.

பேரேட்டில் மற்றொன்றும் தெரிகிறது. ஓராண்டாக அக்கடை விரிப்புகளைக் குறைத்து, தலையணை உறைகளையும் வெள்ளைத் துண்டுகளையும் அதிகமாக வாங்கி வருகிறது. தங்கும் விடுதிகளுக்கு அவர்கள் சரக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். இது ஊகமே, ஆயினும் கேட்கத் தகுந்த ஊகம்.

இனிக் கடிதம். தலைப்பு, ‘விற்பனைப் பொறுப்பு மாற்றமும் மீதி 80 விரிப்புகளும்’ என்றிருக்கட்டும். ‘அறிமுகம்’ என்று மட்டும் இட்டால் திறவாமலே ஒதுக்கப்படும். உள்ளே இப்படி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். இம்மாதம் 1ஆம் தேதி முதல் தங்கள் கணக்கை நான் கவனித்து வருகிறேன். எனக்கு முன்பிருந்தவர் இது குறித்துத் தங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறார்.

தங்கள் கொள்முதலில் மீதியுள்ள 80 விரிப்புகள் 20ஆம் தேதி அனுப்பப்படும். சாயம் இறங்கிய 12க்கு மாற்றாக, சாயத்தைத் துவைத்துச் சோதித்த 12 விரிப்புகளும் அவற்றுடன் வரும். தவணை, முன்பு பேசியபடி 45 நாளே. விலையிலும் சங்கத்தின் வங்கிக் கணக்கிலும் மாற்றமில்லை. கணக்கு மாறியதாக எவரேனும் எழுதினால், பணம் அனுப்பாமல், தாங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சங்க எண்ணில் கேட்டுத் தெளியவும்.

ஓராண்டாகத் தாங்கள் தலையணை உறைகளும் வெள்ளைத் துண்டுகளும் அதிகமாகப் பெற்று வருகிறீர்கள். அவை விடுதிகளுக்குச் செல்கின்றனவா? அப்படியாயின், அவர்களுடைய கட்டில்கள் ஒற்றையா, இரட்டையா என்று அறிய விரும்புகிறேன். வரும் வியாழன் அல்லது வெள்ளி காலை 11 மணிக்குப் பத்து நிமிடம் பேசத் தங்களுக்குத் தோதுப்படுமா?”

இக்கடிதத்தில் புதியவர் தம் படிப்பையும் அனுபவத்தையும் கூறவில்லை. வாடிக்கையாளரின் காரியத்தையே கூறுகிறார். வங்கிக் கணக்கைப் பற்றிய வரி மிக அவசியமானது. ஆள் மாறும் சமயம் பார்த்து, சங்கத்தின் பெயரால் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பும் மோசடி இந்நாளில் நடக்கிறது.

கடைசிக் கேள்வியைக் கவனிக்கவும். ‘வேறு என்ன வேண்டும்?’ என்று கேட்டால், ‘இருந்தால் சொல்கிறோம்’ என்ற விடையே வரும். கட்டிலைப் பற்றிய கேள்விக்கோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடை நமது தறிகளையும் தொடுகிறது. இரட்டைக் கட்டிலுக்கு 90 அங்குல அகல விரிப்பு வேண்டும். தறியிலிருந்து இறங்கிய துணி சுருங்குமாதலால், அச்சின் அகலம் அதைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். 60 அங்குல விரிப்புக்கு அமைந்த தறியில் அது இயலாது. ஆகவே முதல் கடிதத்தில் புதுச் சரக்குக்கு விலையோ நாளோ வாக்களித்தல் ஆகாது. விடை வந்தபின், அகலத் தறி எத்தனை உண்டு, ஒரு பாவில் எத்தனை விரிப்பு இறங்கும் என்று நெசவாளரிடம் கேட்டறிந்து, அதற்கேற்பக் குறைந்த அளவையும் மாதிரி அனுப்பும் நாளையும் சொல்லலாம்.

விளைபொருள் விற்கும் சங்கத்துக்கும் முறை இதுவே. மஞ்சள் வாங்குபவர் விரலியைக் குறைத்துக் கிழங்கை அதிகமாகக் கேட்கத் தொடங்கினால், ‘தாங்களே அரைத்துத் தூளாக விற்கிறீர்களா?’ என்று கேட்கலாம்.

அனுப்பும் முறையிலும் ஒரு எச்சரிக்கை. நேரம் மிச்சமென்று எல்லா வாடிக்கையாளரையும் ஒரே கடிதத்தில் ‘To’ என்ற இடத்திலோ ‘Cc’ என்ற இடத்திலோ சேர்த்துவிட்டால், யார் யார் நம்மிடம் வாங்குகிறார்கள் என்பது போட்டிக் கடைகளுக்கும் தெரிந்துவிடும். ‘Bcc’ என்ற இடத்தில் இட்டால் பெயர்கள் மறையும். ஆனால் அவரவர் கணக்கைப் பற்றி எழுத இயலாது. பெரிய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதே முறை. தீராத புகாருள்ளவருக்கு முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, பேசியதை உறுதிப்படுத்தும் கடிதமாக எழுதுவது இன்னும் நல்லது. அவரிடம் புதுத் தேவை பற்றிய கேள்வியைப் புகார் தீரும்வரை ஒத்திவைக்க வேண்டும்.

பொறுப்பு உண்மையில் கைமாறிற்றா என்பதை எப்படி அறிவது? வாடிக்கையாளர் இன்னும் பழையவரையே அழைத்துக்கொண்டிருந்தால் மாறவில்லை என்று பொருள். அப்போது பழையவர் தாமே விடை கூறாமல் புதியவரிடம் இணைத்துவிட வேண்டும். ஒரு வாரம் பதில் வராவிடில், அதே கடிதத்தை மறுபடி அனுப்புவதைவிடத் தொலைபேசியில் அழைப்பதே மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, 20ஆம் தேதி என்று எழுதிய 80 விரிப்புகளும் மாற்றிக் கொடுக்கும் 12 விரிப்புகளும் அன்றே புறப்பட வேண்டும். தாமதம் நேரும் என்று தெரிந்தால், 20க்கு முன்பே அதைத் தெரிவித்து, வேறு நாள் குறித்து எழுதிவிட வேண்டும்.