முடி மாற்று சிகிச்சைக்குப் பணம் செலுத்துதல்: சேமிப்பா, தவணைக் கடனா?

முடி மாற்று சிகிச்சை அவசர சிகிச்சை அன்று. அதனை ஓராண்டு தள்ளிவைப்பதால் உடல்நலத்திற்குத் தீங்கு ஏதும் நேர்வதில்லை. ஆகவே, "இன்று மட்டுமே இந்த விலை" என்று மருத்துவமனை ஆலோசகர் கூறினால், அந்த அவசரம் விற்பனையைச் சார்ந்ததே அன்றி மருத்துவத்தைச் சார்ந்தது அன்று. அழகு நோக்கிலான சிகிச்சைகளுக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பொருந்தாது என்பதால், முழுச் செலவும் நோயாளியையே சாரும்.

"வட்டியில்லாத் தவணை" என்பதன் உண்மைக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 27 வயது இளைஞர் ஒருவரிடம் சிகிச்சைக் கட்டணம் ரூ.80,000 என்றும், அன்றே பதிவு செய்தால் ரூ.72,000 என்றும் கூறப்படுகிறது. மாதம் ரூ.6,000 வீதம் 12 தவணைகள், வட்டி இல்லை. ஆனால் கடனுக்கான செயலாக்கக் கட்டணம் வரியுடன் ரூ.2,360 முதலிலேயே செலுத்த வேண்டும். "முழுத்தொகையையும் ரொக்கமாகச் செலுத்தினால் எவ்வளவு?" என்று அவர் கேட்கும்போது, ரூ.65,000 என்ற விடை கிடைக்கிறது.

அதாவது, தவணையில் செலுத்துவதால் அவருக்கு ரூ.9,360 கூடுதலாகச் செலவாகிறது. மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், இது ஆண்டுக்குச் சுமார் 27 சதவீத வட்டிக்கு இணையாகும். வட்டி மறையவில்லை, விலைக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று நடைமுறையில் இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியுள்ளது. எனவே ரொக்க விலையை முதலில் எழுத்து வடிவில் பெறவும். தவணையைப் பற்றி அதன் பின்னரே பேசவும்.

கடனும் சிகிச்சையும் இரு வேறு ஒப்பந்தங்கள்

இத்தகைய கடனில், நிதி நிறுவனம் முழுத்தொகையையும் பெரும்பாலும் மருத்துவமனைக்கே செலுத்திவிடுகிறது. அதன்பின் நோயாளி கடன்பட்டிருப்பது நிதி நிறுவனத்திடம். சிகிச்சை பாதியில் நின்றாலும், மருத்துவமனை மூடப்பட்டாலும், தவணைகள் தாமாக நின்றுவிடுவதில்லை. தவணை தவறினால் அது கடன் வரலாற்றில் பதிவாகி, பின்னாளில் வீட்டுக்கடன் பெறுவதையும் பாதிக்கலாம்.

மாற்றி நடப்பட்ட முடிகள் முதல் சில வாரங்களில் உதிர்ந்து, பின்னரே மீண்டும் வளரத் தொடங்கும். முழுப்பலன் தெரிய 9 முதல் 12 மாதங்கள் ஆகும். பலனை மதிப்பிடும் நிலை வரும்போது, தவணைகள் ஏறக்குறைய முடிந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளவும்.

ஆலோசனை அறையில் "பெயர்ப் பதிவுக்காக" என்று கூறி உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டால், அந்தக் குறுஞ்செய்தியை முழுமையாகப் படிக்கவும். கடன் ஒப்புதலுக்கான எண்ணாக இருப்பின், அதனைக் கூறுவது கையொப்பமிடுவதற்குச் சமமாகும்.

கையொப்பமிடும் முன்னும் பின்னும்

தனிநபர் தவணைக் கடன் வழங்கும் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் வழங்க வேண்டும். அதில் வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் சதவீத விகிதம் குறிப்பிடப்பட்டிருக்கும். அவ்வறிக்கையை வீட்டிற்கு எடுத்துச் சென்று படிக்கவும்.

செயலி அல்லது இணையம் வழியாகப் பெற்ற கடனாயின், குறைந்தது ஒரு நாள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்நாட்களுக்கான வட்டியையும் திருப்பிச் செலுத்தி, அபராதமின்றிக் கடனிலிருந்து விலகலாம். செயலாக்கக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொள்ளப்படலாம். ஆனால் பணம் மருத்துவமனையிடம் சென்றிருப்பின் அதனைத் திரும்பப் பெறுவதில் தாமதம் நேரலாம் என்பதால், தாமதமின்றி இரு தரப்பினருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

நிதி நிறுவனத்திடம் அளித்த புகாருக்கு 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். மருத்துவமனை பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

சேமித்துச் செலுத்தும் வழி

அதே இளைஞர் மாதம் ரூ.5,500 வீதம் வங்கியின் தொடர் வைப்பில் செலுத்தினால், 12 மாதங்களில் ரூ.66,000 சேர்ந்துவிடும், வட்டி தனி. தவணையாகச் செலுத்தவிருந்த தொகையைவிட இது மாதம் ரூ.500 குறைவு.

இக்காத்திருப்பு மருத்துவ நோக்கிலும் பயனுடையது. இளவயதில் முடி உதிர்வு தொடர்ந்துகொண்டிருக்கும்போது சிகிச்சை செய்தால், நட்ட முடியைச் சுற்றியுள்ள பகுதி மேலும் வழுக்கையாகி, இரண்டாம் முறை சிகிச்சை தேவைப்படலாம். அந்த ஓராண்டில் தோல் மருத்துவரின் ஆலோசனைப்படி மருந்துகளைப் பயன்படுத்தி, உதிர்வு கட்டுப்படுகிறதா என்று கவனிக்கலாம். சிலருக்கு மருந்தே போதுமானதாக அமைகிறது. அவ்வாறாயின், சேமித்த தொகை உங்களிடமே இருக்கும்.