டிராயிங் கைமாறும் முன்பு

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொந்தமாக ஃபவுண்டரி கிடையாது. புதிதாக வடிவமைத்த இம்பெல்லரை வார்க்க வெளியே ஒரு ஃபவுண்டரியைத்தான் நாட வேண்டும். இறக்கைகளின் கோணம், உலோகக் கலவை, மாதம் எத்தனை வேண்டும் என்று எல்லாவற்றையும் அங்கே சொல்லியாக வேண்டும். அதே ஃபவுண்டரி போட்டி நிறுவனங்களுக்கும் வார்த்துக் கொடுக்கிறது. இரண்டு வருட உழைப்பு ஒரே மின்னஞ்சலில் வெளியே போகிறது. அந்த மின்னஞ்சலுக்கு முன்பே கையெழுத்தாக வேண்டியது ரகசியக் காப்பு ஒப்பந்தம். தொழில் வட்டாரத்தில் இதை என்டிஏ என்பார்கள்.

தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் துணை. அப்படி ஒரு தீர்ப்பு இந்தக் கதைக்கு மிக அருகில் வருகிறது. பிராடி என்ற கண்டுபிடிப்பாளர் பசுந்தீவனம் வளர்க்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அதற்குத் தேவையான வெப்பத்தடுப்புப் பலகைகளுக்காக இந்திய நிறுவனம் ஒன்றை அணுகி, டிராயிங்குகளையும் தொழில்நுட்ப விவரங்களையும் கொடுத்தார். பலகைக்கு ஆர்டர் போகவில்லை. ஆனால் அந்த நிறுவனம் பிறகு அதே போன்ற இயந்திரத்தையே தயாரிக்கத் தொடங்கியது. 1987இல் தில்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நம்பிக் கொடுத்த தகவலை, கொடுத்த காரியத்துக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது என்பதே அங்கே அடிப்படை. எதைக் கொடுத்தோம், எதற்காகக் கொடுத்தோம் என்று காட்ட முடிந்தால்தான் இந்த வாதம் நிற்கும். நல்ல ஒப்பந்தம் அந்தச் சான்றை முன்கூட்டியே எழுதி வைக்கிறது.

முதலில், எது ரகசியம் என்ற பிரிவு. இணையத்திலிருந்து எடுக்கும் மாதிரிகளில் "எல்லாத் தகவல்களும் ரகசியம்" என்று பொதுவாக இருக்கும். எல்லாமே ரகசியம் என்றால், குறிப்பாக எது என்று நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டுவது கடினம். அதனால் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒரு அட்டவணை சேர்க்க வேண்டும். இம்பெல்லர் டிராயிங்கின் எண், திருத்த எண், தேதி. உலோகக் கலவை விவரத்தாள். சோதனை முடிவுகள் என்று ஒவ்வொன்றும் தனி வரியில் வரட்டும். பிறகு அனுப்புபவற்றில் "ரகசியம்" என்ற முத்திரை இருக்க வேண்டும். வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ சொன்னதை ஏழு நாளுக்குள் மின்னஞ்சலில் உறுதிசெய்தால் அதுவும் ரகசியத்தில் சேரும் என்று எழுதிக்கொள்ளலாம்.

இதே பிரிவில் விதிவிலக்குகளும் வர வேண்டும். ஏற்கெனவே ஊரறிந்த விஷயம், ஃபவுண்டரிக்கு முன்பே தெரிந்திருந்த விஷயம், வேறொருவரிடமிருந்து நேர்மையாகக் கிடைத்த விஷயம் ஆகியவை ரகசியமாகாது. முன்பே தெரியும் என்று சொல்பவர் அதை எழுத்துப்பூர்வ ஆவணத்தால் காட்ட வேண்டும் என்ற ஒரு வரி இங்கே அவசியம். இல்லாவிட்டால் பின்னாளில் எல்லாமே "எங்களுக்கு முன்பே தெரியும்" ஆகிவிடும். ஒரு வரம்பையும் மனதில் வைக்க வேண்டும்: பம்ப் கடைக்கு வந்துவிட்டால் யாரும் வாங்கிப் பிரித்து அளக்கலாம். அளந்து தெரிந்துகொள்ளக்கூடியதை ஒப்பந்தத்தால் மட்டும் காக்க முடியாது. வடிவமைப்புப் பதிவோ காப்புரிமையோ பெற எண்ணமிருந்தால், பொருள் வெளியாகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, எதற்காக என்ற பிரிவு. ஒப்பந்தத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. "வெளியிடக் கூடாது" என்று மட்டும் எழுதினால், ஃபவுண்டரி யாருக்கும் வெளியிடாமல் தானே அந்த இம்பெல்லரை வார்த்து விற்றால் என்ன செய்வது? "எங்கள் ஆர்டருக்கு வார்ப்பு செய்வதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அந்த வழியும் அடைபடும். அடுத்து, யார் பார்க்கலாம் என்பது. ஃபவுண்டரி பேட்டர்னை இன்னொருவரிடம் செய்யக் கொடுக்கும். மெஷினிங் மூன்றாம் இடத்துக்குப் போகும். டிராயிங்கின் புகைப்படம் வாட்ஸ்அப்பில் பயணிப்பது சாதாரணம். எனவே, எங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் துணை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அவரும் இதே நிபந்தனையில் கையெழுத்திட வேண்டும், அவர் தவறினாலும் ஃபவுண்டரியே பொறுப்பு என்று மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

இங்கே ஆர்வத்தில் பலர் எல்லை தாண்டுகிறார்கள். "ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு எந்த பம்ப் நிறுவனத்துக்கும் வார்க்கக் கூடாது" என்று சேர்த்துவிடுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. ஆகவே தடை தொழிலின் மீது இருக்கக் கூடாது, தகவலின் மீது இருக்க வேண்டும். யாருக்கு வேண்டுமானாலும் வார்க்கட்டும், நம் டிராயிங்கை வைத்து வார்க்கக் கூடாது. இப்படி எழுதிய வரி நிற்கும்.

மூன்றாவது, எவ்வளவு காலம், முடிந்தபின் என்ன என்ற பிரிவு. வேலை முடிந்து மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் என்று போடுவது வழக்கம். விலை, ஆர்டர் அளவு போன்றவற்றுக்கு அது போதும். உலோகக் கலவை போன்ற நீண்டநாள் ரகசியத்துக்கு, அது ரகசியமாக இருக்கும் வரை என்று தனியாக எழுத வேண்டும். பேட்டர்னும் கோர் பாக்ஸும் யாருடையவை என்பதையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். காகித டிராயிங் திரும்பி வந்தாலும், பேட்டர்ன் ஃபவுண்டரியின் பரணில் இருந்தால் இம்பெல்லர் முழுவதும் அங்கேயேதான் இருக்கிறது. பேட்டர்னுக்குக் காசு கொடுத்தது நாம் என்றால் அதன் உரிமை நமதென்றும், வேலை முடிந்த பதினைந்து நாளுக்குள் அதைத் திருப்பித் தந்து, கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள பிரதிகளை அழித்ததாகக் கையெழுத்திட்ட கடிதம் தர வேண்டும் என்றும் எழுதலாம்.

மீறினால் என்ன? ஐம்பது லட்சம் அபராதம் என்று எழுதினால் ஐம்பது லட்சம் கிடைத்துவிடாது. 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். அதனால் தொகை ஏன் அவ்வளவு என்பதற்கு வடிவமைப்புச் செலவு போன்ற கணக்கை வைத்திருப்பது நல்லது. பணத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது உற்பத்தியை நிறுத்தும் தடையாணை. அதைக் கோரும் உரிமையை வெளிப்படையாக எழுத வேண்டும். ஃபவுண்டரி ராஜ்கோட்டில் இருந்தால் வழக்கு எங்கே என்ற கேள்வியும் எழும். ஒப்பந்தம் கோவையில் கையெழுத்தாகி, கோவை நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று எழுதியிருந்தால் அலைச்சல் குறையும். முத்திரைத்தாள் இல்லாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதில் சிக்கல் வரும் என்பதால் அதிலும் சிக்கனம் வேண்டாம். ஃபவுண்டரி சார்பில் உரிமையாளரோ அதிகாரம் பெற்ற பங்குதாரரோ கையெழுத்திட வேண்டும். மேற்பார்வையாளரின் கையெழுத்து போதாது.

இத்தனையும் எழுதிய பிறகும், முழு டிராயிங்கை முதல் நாளே அனுப்ப வேண்டியதில்லை. விலை கேட்கும் கட்டத்தில் ஃபவுண்டரிக்குத் தேவை எடை, உலோக வகை, வெளி அளவுகள், எண்ணிக்கை மட்டுமே. இறக்கைக் கோணம் உள்ள தாளை, ஆர்டர் உறுதியாகி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அனுப்பினால் போதும். அப்போதும் யாருக்கு, எந்தத் திருத்தம், எந்தத் தேதியில் போனது என்று ஒரு பதிவேட்டில் எழுதிவிடுங்கள். ஒப்பந்தத்தின் அட்டவணையும் இந்தப் பதிவேடும் ஒன்றோடொன்று பொருந்தினால், கொடுத்தது எது என்பதில் யாரும் தகராறு செய்ய முடியாது.