வலிக்காத மஞ்சள்

கண்ணில் மஞ்சள் தெரிந்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியை. இருபது வயதுப் பையனுக்கு வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். அறுபதை நெருங்கியவருக்குக் காய்ச்சல் இல்லாமல், வயிற்று வலியும் இல்லாமல் மஞ்சள் ஏறினால் அந்தச் சில வாரங்களைக் கொடுக்க முடியாது.

மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விவரங்களைச் சேர்த்து ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். 58 வயது மளிகைக் கடைக்காரர். முதலில் வந்தது அரிப்பு. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தார். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது, மலம் களிமண் போல வெளிறியது. அதன் பிறகுதான் கண்ணைப் பார்த்து மனைவி பதறினார். ஆறு மாதம் முன்பு அவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்திருந்தது. ஏழு கிலோ இளைத்திருந்தார். சாப்பாட்டைக் குறைத்ததால் இளைத்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். குண்டாகாமல் இளைத்துக்கொண்டே வரும் ஒருவருக்கு ஐம்பதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்தால் கணையத்தையும் யோசிக்க வேண்டும். அப்படி வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருக்காது என்பதால் யாரும் யோசிப்பதில்லை. தாமதம் தொடங்குவது இங்கேதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. கட்டி வளர்ந்தாலும் கைக்குத் தட்டுப்படாது. ஓரளவு திசு கெட்டாலும் மீதி வேலையைச் சமாளித்துவிடும். பக்கத்திலேயே குடலுக்கும் ஈரலுக்கும் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுவதால், கட்டி சிறியதாக இருக்கும்போதே அவற்றைப் பற்றிக்கொள்ளும். கண்டுபிடிக்கும்போது அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் பித்தக்குழாய் குடலுக்குப் போகிறது. அங்கே வளரும் கட்டி குழாயை மெல்ல நெரிக்கும். கல் திடீரென்று அடைத்தால் துடிக்க வைக்கும். கட்டி நாள்கணக்கில் நெரிப்பதால் வலி தெரிவதில்லை. வால்பகுதியில் வரும் கட்டிக்கு நெரிக்கக் குழாயே இல்லை. முதுகு வலியும் இளைப்புமாக, பெரும்பாலும் பரவிய பிறகே அது பிடிபடும். அந்தக் கணக்கில் நம் கடைக்காரரின் மஞ்சள் ஓர் அதிர்ஷ்டம்.

அவர் வலது விலாவுக்குக் கீழே மருத்துவர் கைவைத்தபோது வழவழப்பான, வலிக்காத புடைப்பு ஒன்று தட்டுப்பட்டது. பித்தப்பை. பலகாலம் கல் இருந்த பை தடித்துச் சுருங்கியிருக்கும், அதனால் உப்ப முடியாது. உப்பியிருந்தால் காரணம் பெரும்பாலும் கல் அல்ல. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890-இல் எழுதிய இந்தக் கவனிப்பு இன்றும் உதவுகிறது. ரத்தத்தில் பிலிருபின் 11. ஆரோக்கியமானவருக்கு ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்.

அல்ட்ராசவுண்டில் பித்தக்குழாய் விரிந்திருப்பது தெரிந்தது. கணையத்தைக் குடல்வாயு மறைத்துவிட்டது. 'கட்டி எதுவும் தெரியவில்லை' என்று ரிப்போர்ட். அதைக் 'கட்டி இல்லை' என்று படித்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. குழாய் விரிந்திருக்கிறது என்றால் கீழே ஏதோ அடைக்கிறது. அதைத் தேடியே ஆக வேண்டும்.

அடுத்தது கணையத்துக்கென்றே எடுக்கும் சி.டி. ஸ்கேன். சாயம் ஏற்றிய நாற்பது நொடி வாக்கில் ஒருமுறை, எழுபது நொடி வாக்கில் மறுமுறை படம் எடுப்பார்கள். முதல் படத்தில் நல்ல கணையம் பளிச்சென்று மின்னும், ரத்த ஓட்டம் குறைந்த கட்டி மங்கலாக நிற்கும். ரத்தக்குழாய்களைக் கட்டி தொட்டிருக்கிறதா, சுற்றியிருக்கிறதா என்பதையும் ஸ்கேன் சொல்லும். அறுவை செய்யலாமா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும்.

மஞ்சளை இறக்கும் அவசரத்தில் முதலில் பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவதும் நடக்கிறது. ஸ்டென்டும் அதனால் வரக்கூடிய கணைய வீக்கமும் படத்தைக் குழப்பும். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் பித்தத்தை வடித்தவர்களில் 74 சதவீதம் பேருக்கும், நேரடியாக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்கும் தீவிர சிக்கல்கள் வந்தன. குளிர் காய்ச்சலோ மிக அதிக மஞ்சளோ இருந்தால் வடித்தே ஆக வேண்டும் என்பது வேறு விஷயம்.

கடைக்காரருக்கு இரண்டரை சென்டிமீட்டர் கட்டி; ரத்தக்குழாய்களைத் தொடவில்லை. ஆபரேஷன் என்றதும், "பயாப்சி எடுக்காமலேயா டாக்டர்?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அதன் நுனியில் இருக்கும் அல்ட்ராசவுண்டின் துணையோடு குடல்சுவர் வழியாக ஊசி செலுத்தித் திசு எடுக்கலாம். ஆனால் இந்தக் கட்டியில் நார்த்திசு அதிகம், புற்றுச்செல்கள் இடையிடையே சிதறிக் கிடக்கும். ஊசி நாரில் பட்டால் 'புற்று இல்லை' என்றே வரும். ஸ்கேன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அந்த முடிவை நம்பி அறுவையைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் கீமோ கொடுக்க வேண்டியவர்களுக்குப் பயாப்சி கட்டாயம். புற்று என்று உறுதியாகாமல் அந்த மருந்தை ஏற்ற மாட்டார்கள். நோய் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்கி வீங்க வைக்கும் ஒரு நோய் ஸ்கேனில் அச்சு அசலாகக் கட்டி போலவே தெரியும், அது ஸ்டீராய்டிலேயே கரையும். அந்தச் சந்தேகம் வந்தாலும் ஊசி வேண்டும்.

கடைக்காரருக்கு அந்தச் சந்தேகம் எழவில்லை. கணையத்தின் தலையையும் ஒட்டிய குடலையும் எடுத்தார்கள். புற்றுதான் என்று எழுத்தில் வந்தது அதற்குப் பிறகு, எடுத்த கட்டியை நோய்க்கூறியல் மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது.