சனி, ஞாயிறு வகுப்பெடுக்க ஓர் அனுமதிக் கடிதம்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஐ.டி. ஊழியர்கள் ஒரே நேரத்தில் இன்னொரு வேலையும் பார்ப்பது அப்பட்டமான ஏமாற்று வேலை என்று விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததாகக் கண்டறியப்பட்ட 300 பேரை விப்ரோ நீக்கிவிட்டதாகவும் சொன்னார். அதே செப்டம்பரில் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்குக் கண்டிப்பான மின்னஞ்சல் ஒன்றை அனுப்பியது. இரட்டை வேலை பார்த்தால் பணிநீக்கம் வரை போகும் என்பது அதன் சாரம்.

ஆனால் அக்டோபரில் அதே இன்ஃபோசிஸ் இன்னொரு மின்னஞ்சலில் வழி ஒன்றையும் காட்டியது. மேலாளரிடமும் மனிதவளப் பிரிவிடமும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றால், சொந்த நேரத்தில் வெளியே சிறு பணிகளைச் செய்யலாம். அந்தப் பணி நிறுவனத்துக்கோ அதன் வாடிக்கையாளர்களுக்கோ போட்டியாக இருக்கக் கூடாது என்றது.

வார இறுதியில் ப்ளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் நடத்த விரும்பும் ஊழியருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்கக்கூடியதுதான். மென்பொருள் நிறுவனத்துக்குக் கணித டியூஷன் போட்டி அல்ல. அப்படியிருந்தும் பல கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகின்றன, அல்லது பதிலே இல்லாமல் கிடக்கின்றன. அதிகாரி மனதில் எழும் கேள்விகளுக்குக் கடிதத்தில் பதில் இல்லாததே இதற்கு முக்கியக் காரணம்.

கடிதம் எழுதுவதற்கு முன் பணி நியமன ஆணையை எடுத்துப் படிக்க வேண்டும். முழுநேர ஊழியர் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ முன் அனுமதியின்றி வேறு வேலையோ தொழிலோ செய்யக் கூடாது என்ற பிரிவு தனியார் நிறுவனங்களின் ஆணைகளில் பரவலாக இருக்கும். சில ஆணைகளில் அனுமதி என்ற பேச்சே இல்லாமல் முழுத் தடை இருக்கும். அங்கே கேட்பது விதிவிலக்கு என்பதால் கடிதத்தின் தொனியும் அதற்கேற்ப மாற வேண்டும். ஊழியர் உருவாக்கும் படைப்புகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற பிரிவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இது நியமன ஆணையோடு முடிகிற விஷயம் அல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் பொருந்தும். அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலையை ஏற்க அவை இடம் தருவதில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கோ, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு டியூஷன் எடுப்பதையே தடை செய்கிறது. இந்தக் கட்டுரை தனியார் ஊழியரின் கடிதத்தைப் பற்றியது.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக டெஸ்டிங் பிரிவில் இருக்கும் பொறியாளர் அவர். வேளச்சேரியில் உள்ள ஒரு கோச்சிங் சென்டர் அவரைக் கணிதம் நடத்தக் கூப்பிடுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 9 மணி முதல் 12 மணி வரை வகுப்பு. அவர் முதலில் எழுதுவது இப்படி இருக்கிறது: ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக வார இறுதி நாட்களில் டியூஷன் எடுக்க விரும்புகிறேன். என் வேலை எந்த விதத்திலும் பாதிக்கப்படாது என்று உறுதி கூறுகிறேன். தயவுசெய்து அனுமதி அளிக்கவும்.’

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் மேலாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை மணி நேரம்? எந்த மையம்? அது நம் வாடிக்கையாளரா? மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ரிலீஸ் இருக்குமே, அன்றைக்கு என்ன செய்வார்? குடும்பச் சூழ்நிலை என்றால் சம்பளம் போதவில்லை என்கிறாரா, வேலையை விடப் போகிறாரா? வேலை பாதிக்காது என்ற உறுதிமொழி இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. மேலாளர் தன் பெயரில் ஒப்புதல் தர வேண்டியவர். சந்தேகம் இருக்கும்போது ‘வேண்டாம்’ என்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான பதில்.

இந்த உதாரணத்தில் முடிச்சு ரிலீஸ் நாளில்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரவு தொடங்கும் ரிலீஸ் ஞாயிறு விடியற்காலை வரை நீளலாம். அதே ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. ஒன்று அவர் தூங்காமல் பாடம் நடத்த வேண்டும், இல்லையென்றால் ரிலீஸில் கோளாறு வந்து அழைக்கும்போது போனை எடுக்க முடியாமல் கரும்பலகை முன் நிற்க வேண்டும். ஆகவே கடிதத்துக்கு முன்பே பொறியாளர் மையத்தோடு பேசி முடிக்க வேண்டும்: ரிலீஸ் உள்ள வார ஞாயிறு வகுப்பை வேறு ஆசிரியர் பார்த்துக்கொள்வாரா? மையம் சம்மதித்த பிறகு அதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதினால், பத்து உறுதிமொழிகளைவிட அது வலுவாக நிற்கும். மையம் சம்மதிக்கவில்லை என்றால், சனிக்கிழமை வகுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு அதற்குத்தான் அனுமதி கேட்க வேண்டும்.

திருத்தி எழுதிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அலுவலக வழக்கப்படி அது ஆங்கிலத்தில் போகலாம். உள்ளடக்கம் இதுதான்:

பொருள்: வார இறுதியில் பகுதிநேரமாகப் பாடம் நடத்த முன் அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

என் நியமன ஆணையில் வெளிப்பணி குறித்து உள்ள பிரிவின்படி, கீழ்க்காணும் பணிக்கு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கோருகிறேன். இப்பணியை நான் இன்னும் ஏற்கவில்லை. அனுமதி கிடைத்த பிறகே தொடங்குவேன்.

வேளச்சேரியில் உள்ள பயிற்சி மையம் ஒன்றில் ப்ளஸ் டூ மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்க அழைப்பு வந்துள்ளது. மையத்தின் பெயரும் முகவரியும் இணைப்பில் உள்ளன. வகுப்புகள் ஜூன் முதல் பிப்ரவரி வரை, சனி, ஞாயிறு காலை 9 முதல் 12 வரை. வாரத்துக்கு ஆறு மணி நேரம். நான் மையத்தின் ஊழியராகச் சேரவில்லை; வகுப்புக் கணக்கில் மட்டும் கட்டணம் பெறுவேன்.

ரிலீஸ் உள்ள வாரங்களில் ஞாயிறு வகுப்பை வேறு ஆசிரியர் நடத்த மையம் ஒப்புக்கொண்டுள்ளது. மற்ற நாட்களில் அவசர அழைப்பு வந்தால் அலுவலகப் பணிக்கே முன்னுரிமை தருவேன். எனக்குத் தெரிந்தவரை இந்த மையம் நம் நிறுவனத்தின் வாடிக்கையாளரோ போட்டியாளரோ அல்ல.

பாடக் குறிப்புகளை என் சொந்த லேப்டாப்பில், சொந்த நேரத்தில் தயாரிப்பேன். மையத்தின் விளம்பரங்களில் நம் நிறுவனத்தின் பெயர் இடம்பெறாமல் பார்த்துக்கொள்வேன். என் பணிப்பொறுப்போ வகுப்பு நேரமோ மாறினால் உடனே தெரிவிப்பேன்.

தேவையான நிபந்தனைகளுடன் அனுமதி அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று பார்க்கலாம். ‘இன்னும் ஏற்கவில்லை’ என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு மாதமாக வகுப்பெடுத்துவிட்டு இப்போதுதான் கேட்பதுபோல் எழுதினால், பின்னாளில் அந்தக் கடிதமே அவருக்கு எதிரான சான்றாகும். தொடங்கிவிட்டவர், நிறுத்திவிட்டு உள்ளதைச் சொல்லிக் கேட்பதே முறை.

விளம்பரம் பற்றிய வரி புதிதாகத் தோன்றலாம். கோச்சிங் சென்டர்கள் மே மாதத்தில் ஃப்ளெக்ஸ் கட்டுவதும் பிட் நோட்டீஸ் கொடுப்பதும் வழக்கம். ‘பிரபல ஐ.டி. நிறுவனப் பொறியாளர் நடத்தும் வகுப்பு’ என்று நிறுவனப் பெயரோடு போட்டுவிட்டால், அனுமதி கொடுத்த அதிகாரிக்கே சங்கடம். கடிதத்தில் எழுதுவதோடு, மையத்திடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சொந்த லேப்டாப் என்பது படைப்புரிமைப் பிரிவோடு சேர்ந்த விஷயம். அலுவலக லேப்டாப்பில் தட்டச்சு செய்த வினாத்தாளும், அலுவலக மென்பொருளில் பதிவு செய்த பாட வீடியோவும் யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலைக் கிளப்பும். பாடங்களைப் பதிவு செய்து விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் கடிதத்தில் தனியாகக் கேட்க வேண்டும். வகுப்பறையில் பாடம் நடத்தக் கிடைத்த அனுமதி அதற்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஊழியராகச் சேரவில்லை என்ற வரிக்கும் காரணம் உண்டு. மையம் அவரை மாதச் சம்பள ஊழியராகச் சேர்த்து வருங்கால வைப்பு நிதி பிடித்தால், அது அவருடைய அதே யு.ஏ.என். எண்ணின் கீழ் பதிவாகும். அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்கள் தெரியும். அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் விளக்கம் எளிது. கட்டணமாகப் பெற்றாலும் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியாக வேண்டும். அது தொழில்முறை வருமானம் என்பதால், சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-1 படிவம் அப்போது செல்லாது.

பணத் தேவையைக் கடிதத்தில் சேர்க்காதது வேண்டுமென்றேதான். வீட்டுக் கடன், தம்பியின் படிப்புச் செலவு எல்லாம் உண்மையான காரணங்களாக இருக்கலாம். ஆனால் முடிவெடுப்பவர் எடைபோடுவது நேரத்தையும் நிறுவன நலனையும் மட்டுமே. நேரில் பேசும்போது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

கடிதம் மேலாளருக்குப் போக வேண்டும், எச்.ஆருக்கும் நகல் போக வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் இதற்கென்று படிவம் இருந்தால் அதை நிரப்பி, கடிதத்தை இணைக்க வேண்டும். வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே அனுப்புவது நல்லது. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சல் தொடரில் நினைவூட்டலாம். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று, ‘பண்ணுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை’ என்று மேலாளர் காபி குடிக்கும்போது சொன்னதை நம்புவது. அவர் வேறு பிராஜெக்டுக்கு மாறிவிட்டால் அந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்த அன்றே, ‘இன்று நீங்கள் சொன்னபடி’ என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

மறுப்பு வந்தால் எந்த அம்சம் தடையாக இருக்கிறது என்று கேட்கலாம். ஞாயிறு வகுப்புதான் சிக்கல் என்றால் சனிக்கிழமை மட்டும், ஒன்பது மாதம் அதிகம் என்றால் முதலில் மூன்று மாதம் என்று குறைத்துக் கேட்க இடம் உண்டு. முழுத் தடைதான் கொள்கை என்றால், வகுப்பெடுக்காமல் இருப்பதா, வேலை மாறுவதா என்பது அவர் முடிவு. மறைத்துச் செய்வது மட்டும் வேலைக்கே உலை வைக்கும்.

அனுமதி வந்தால் அதிலுள்ள நிபந்தனைகளைப் படித்து, நகலை அலுவலக மின்னஞ்சலுக்கு வெளியேயும் பத்திரப்படுத்த வேண்டும். காலவரம்பு குறிப்பிட்டிருந்தால் அது முடிவதற்குள் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். நம் பொறியாளர் அடுத்த ஏப்ரலில் டீம் லீடாகி, வாரந்தோறும் சனிக்கிழமை அழைப்புப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தால், பழைய அனுமதி சொல்லும் நிலைமை மாறிவிட்டது. மையத்தின் புதிய கால அட்டவணை வருவதற்கு முன்பே அவர் இரண்டாவது கடிதத்தை அனுப்பியிருக்க வேண்டும்.